பன்னிரண்டு வார்த்தைக்குள்

சாராள் மேசையில் எப்போதும் ஒரு மரப் பென்சில் இருக்கும். வாக்கியத்தில் எழுவாயைச் சுற்றி ஒரு வட்டம், வினையைச் சுற்றி ஒரு வட்டம் போடுவாள். பிறகு நடுவில் எத்தனை சொல் கிடக்கிறது என்று எண்ணி மேலே எழுதுவாள். அவள் வேலை பார்க்கும் அறக்கட்டளையில் வேறு யாரும் இப்படிச் செய்வதில்லை. அவளிடம் யாரும் செய்யச் சொன்னதும் இல்லை.

கருங்குழியில் பிறந்தவள். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டுக் களை பறித்தவர்கள். சாராள் செங்கல்பட்டில் தமிழ் எம்.ஏ. முடித்தாள். ஆசிரியர் வேலைக்கு இரண்டு முறை தேர்வு எழுதியும் கிடைக்கவில்லை. ஒரு அச்சகத்தில் பிழை திருத்தப் போனவள் பதினான்கு வருடம் அங்கேயே இருந்துவிட்டாள். கல்யாணப் பத்திரிகை, ஆண்டறிக்கை, கோயில் திருவிழா நோட்டீஸ் எல்லாம் அவள் கண்ணில் பட்டுத்தான் வெளியே போகும். எழுத்துப் பிழை இல்லாத வாக்கியத்தைக்கூடச் சிலர் மூன்று முறை படிக்கிறார்களே, அது ஏன் என்ற கேள்வி அங்கேதான் அவளைப் பிடித்துக்கொண்டது.

நாற்பத்து மூன்று வயதில் 'கரைத்துணை' என்ற அறக்கட்டளையில் சேர்ந்தாள். கடலோரக் குப்பங்களுக்குத் துண்டறிக்கை தயாரிக்கிற வேலை. திட்ட மேலாளர் ஜெரோம், முப்பத்து நான்கு வயது, சென்னையிலிருந்து தினம் ரயிலில் வருவார். கெட்ட மனுஷர் இல்லை. ஆனால் கம்ப்யூட்டர் ஒன்றைச் சொல்லிவிட்டால் அதற்கு மேல் பேச்சில்லை.

அந்தக் கம்ப்யூட்டரில் ஒரு மென்பொருள் இருந்தது. வாக்கியத்தை ஒட்டினால் வார்த்தைகளை எண்ணும். பன்னிரண்டுக்குள் இருந்தால் பச்சை, தாண்டினால் சிவப்பு. அவ்வளவுதான் அதற்குத் தெரியும்.

செப்டம்பரில் புயல் ஒத்திகைக்கான துண்டறிக்கை வந்தது. மழைக்காலம் தொடங்குமுன் மாமல்லபுரத்துக்குத் தெற்கே உள்ள ஒரு குப்பத்தில் ஒத்திகை. அறிக்கையை எழுதியவர் வெளியாள். அதில் ஐந்தாவது வாக்கியத்தைப் பார்த்ததும் சாராளுக்கு எரிச்சல் வந்தது.

"படகு உரிமையாளர், எச்சரிக்கை ஒலித்தபோது கடலிலிருந்த படகைத் தேடிச்சென்று திரும்பாதவர்களின் பெயர்களை மையத்தில் தெரிவிக்க வேண்டும்."

மென்பொருள் பச்சை காட்டியது. சரியாகப் பன்னிரண்டு வார்த்தை. ஆனால் முதல் வரைவைத் தேடி எடுத்துப் பார்த்தாள். அதில் 'கடலில் இருந்த', 'தேடிச் சென்று' என்று பிரித்து எழுதியிருந்தது. பதினான்கு வார்த்தை, சிவப்பு. எழுதியவர் இரண்டு இடைவெளியை எடுத்துவிட்டிருந்தார். வாக்கியத்தில் ஒரு சொல்கூடக் குறையவில்லை.

தாளை எடுத்துக்கொண்டு ஜெரோமிடம் போனாள்.

"சார், இந்த வாக்கியம் யாருக்கும் புரியாது."

"பச்சை காட்டுதே மேடம்."

"நீளத்தை மட்டும் பாக்குது சார் அது. இங்க பாருங்க. 'உரிமையாளர்'ல தொடங்குறோம். அவர் என்ன செய்யணும்னு 'தெரிவிக்க'ல தான் தெரியுது. நடுவுல எட்டு வார்த்தை. அந்த எட்டுக்குள்ள ஒண்ணுக்குள்ள ஒண்ணா நாலு இருக்கு. எச்சரிக்கை ஒலிச்சப்ப, அப்ப கடல்ல இருந்த படகு, அந்தப் படகைத் தேடிப் போனது, போய்த் திரும்பாதவங்க. படிக்கிறவங்க 'உரிமையாளர்'னு பிடிச்சுக்கிட்டே வருவாங்க. அவருக்குப் பொருந்துற முதல் வினையில அவரை இறக்கி வச்சிடுவாங்க. அது 'தேடிச்சென்று'."

"தமிழ்ல வினை கடைசியில தானே வரும் மேடம்? அதுக்கு என்ன பண்ண முடியும்?"

"வினையை நகர்த்த முடியாது சார். உரிமையாளரை நகர்த்தலாம்ல? வினைக்குப் பக்கத்துல கொண்டுபோய் வைக்கலாம்."

ஜெரோம் சிரித்தார். அடுத்த பக்கத்தில் சிவப்பாய் இருந்த ஒரு வாக்கியத்தைக் காட்டினார். "முதல்ல இதைச் சரி பண்ணுங்க. பதினெட்டு வார்த்தை."

"எச்சரிக்கை ஒலித்ததும் படகை மேட்டில் ஏற்றி, இன்ஜினைக் கழற்றி வைத்து, பிள்ளைகளையும் வயதானவர்களையும் கூட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போய், வாசலில் பெயர் சொல்லிவிட்டு, உள்ளே உட்காருங்கள்."

"இது எல்லாருக்கும் புரியும் சார். ஒரே ஆள், ஒண்ணு பின்னாடி ஒண்ணு செய்யறார். நடக்குற வரிசையிலயே எழுதியிருக்கு. 'படகை ஏற்றி', 'இன்ஜினைக் கழற்றி' எல்லாம் பக்கத்துப் பக்கத்துல இருக்கு. எதையும் மனசுல தூக்கிக்கிட்டு காத்திருக்க வேண்டாம்."

"சிவப்பு சிவப்புதான் மேடம்."

அவள் வாக்குவாதத்தை நிறுத்திக்கொண்டாள். மறுநாள் காலை இரண்டு வாக்கியங்களையும் பெரிய எழுத்தில் தனித்தனித் தாளில் அச்செடுத்துக்கொண்டு பேருந்து ஏறினாள்.

குப்பத்தில் மீன் ஏலம் முடிந்திருந்தது. படிக்கத் தெரிந்த பன்னிரண்டு பேரை ஒவ்வொருவராகக் கேட்டாள். படிக்கச் சொல்லிவிட்டு, தாளைத் திருப்பி வைத்துவிட்டு, ஒரே கேள்வி: யார், என்ன செய்யணும்?

சிவப்பு வாக்கியத்தைப் பதினொரு பேர் சரியாகச் சொன்னார்கள். பச்சை வாக்கியத்தை நாலு பேர். மூன்று பேர் தெரியலை என்றார்கள். மீதி ஐந்து பேரும் ஒரே பதிலைச் சொன்னார்கள். அந்த ஐந்தில் ஒருவர் சடையன், ஐம்பது வயது, சொந்தப் படகு வைத்திருப்பவர்.

"இதுல இன்னா கீது? ஓனரு போய் தேடணும், யாரு வரலியோ அவங்க பேரை வந்து சொல்லணும். அதானே?"

பக்கத்தில் கூடையைக் கழுவிக்கொண்டிருந்த அவர் மனைவி மாரியம்மா தாளை வாங்கி உரக்கப் படித்தாள். பாதியில் நிறுத்தினாள். "யம்மா, தேடப் போனது யாரு? இவரா, வேற ஆளா? நடுவுல பூந்துகினு எங்கியோ போவுதும்மா."

சாராள் அங்கேயே உட்கார்ந்து மாற்றி எழுதினாள். "எச்சரிக்கை ஒலித்தபோது சில படகுகள் கடலில் இருக்கலாம். அவற்றைத் தேடிச் சிலர் போயிருக்கலாம். அவர்கள் திரும்பாவிட்டால் பெயரைத் தெரிவிக்க வேண்டும்." எல்லாம் சின்ன வாக்கியம். சந்தோஷமாகத்தான் நீட்டினாள். ஆறு பேர் தடுமாறினார்கள். 'அவர்கள்' யார், படகில் இருந்தவர்களா தேடப் போனவர்களா? யார் தெரிவிக்க வேண்டும்? வெட்டும்போது உரிமையாளரையே தொலைத்திருந்தாள். தன்மேலேயே கோபம் வந்தது. பச்சைக்காக வெட்டுகிறவர்கள் செய்யும் தப்பையே தானும் செய்திருக்கிறாள்.

மூன்றாவது முறை எழுதினாள். "தேடிப் போனவர்கள் திரும்பவில்லையா? அவர்கள் பெயரைப் படகு உரிமையாளர் மையத்தில் சொல்ல வேண்டும். உரிமையாளர் கடலுக்குப் போகக் கூடாது." சடையன் அதற்குள் எழுந்து போயிருந்தார், மீதிப் பதினொரு பேரும் சரியாகச் சொன்னார்கள். ஒரே ஆட்களிடம் மூன்றாவது தடவை கேட்டதும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று அறிக்கையில் அவளே எழுதினாள்.

நீளம், எழுவாய்க்கும் வினைக்கும் நடுவில் உள்ள சொற்கள், ஒன்றுக்குள் ஒன்றாக இருக்கும் அடுக்கின் ஆழம், சரியாகச் சொன்னவர்கள் என்று நாலு கட்டம் போட்டு இரண்டு பக்கத்தில் அறிக்கை கொடுத்தாள். ஜெரோம் அதைப் படித்தார். உண்மையிலேயே படித்தார்.

"நல்லா இருக்கு மேடம். ஆனா நாலாயிரம் பிரதி நேத்தே அச்சுக்குப் போயிடுச்சு."

"ஒத்திகைக்கு இன்னும் பதினாறு நாள் இருக்கு சார். அந்த ஒரு வரி மேல ஒட்டுச் சீட்டு ஒட்டலாம். நானே ஒட்டுறேன்."

"ஒட்டுச் சீட்டு போட்டா நாம தப்பு பண்ணின மாதிரி இருக்கும். அடுத்த பதிப்புல பாத்துக்கலாம்."

பதினெட்டு வார்த்தை வாக்கியத்தை ஏழாக வெட்டி, பச்சையாக்கி அனுப்பியிருந்தார்கள் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. அன்று அவள் வீட்டுக்குப் போனபோது கணவர் பெஞ்சமின் வந்திருந்தார். கல்பாக்கம் ஊழியர் பேருந்து ஓட்டுகிறவர் அவர். சோற்றைப் போட்டு வைத்துவிட்டுக் காத்திருந்தார். தட்டின் முன் உட்கார்ந்ததும் அவள் சொன்னது இதுதான்: "எண்ணத் தெரிஞ்சதை மட்டும் எண்ணுறாங்க."

ஒத்திகை அன்று காலை பத்து மணிக்குச் சங்கு ஊதியது. காற்று கொஞ்சம் வேகமாகத்தான் இருந்தது. பெண்களும் பிள்ளைகளும் பள்ளிக்கூடத்துக்குப் போனார்கள். தேடுகிற குழு போலப் புறப்பட்ட இரண்டு படகுகள், திட்டமிட்டிருந்தபடியே, பத்தரைக்குத் திரும்பாமல் கடலில் நின்றன. உரிமையாளர்கள் வந்து பெயர் கொடுக்கவேண்டிய கட்டம் அது. பள்ளிக்கூடத்திலேயே அமைத்திருந்த மையத்து மேசையில் சாராள் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தாள். யாரும் வரவில்லை.

வெளியே சத்தம் கேட்டது. ஓடிப் போய்ப் பார்த்தாள். சடையன் தன் படகை இறக்கிவிட்டிருந்தார். இரண்டாவது அலையில் படகு குறுக்கே திரும்பிக் கவிழ்ந்தது. கரையிலிருந்தவர்கள் பாய்ந்து இழுத்தார்கள். ஆள் பிழைத்தார். வலது மணிக்கட்டு முறிந்திருந்தது. இன்ஜினுக்குள் உப்புத் தண்ணீர் போயிருந்தது.

கரையில் உட்காரவைத்தபோது சடையன் சட்டைப் பையிலிருந்து நனைந்த துண்டறிக்கையை எடுத்தார். "நீங்க குடுத்த பேப்பர்லதான் போட்டுகீது. ஓனரு தேடிப் போவணும்னு. அன்னிக்கே உங்ககிட்ட சொன்னேனே யம்மா, நீங்க ஒண்ணும் சொல்லலியே?"

 அன்று சோதனை முடிந்ததும் சரியான அர்த்தம் எது என்று அங்கே இருந்தவர்களுக்குப் பொதுவாகச் சொன்னது சாராளுக்கு நினைவிருந்தது. சடையன் அதற்குள் வலை எடுக்கப் போயிருந்தார். அவரைத் தேடிப்பிடித்துச் சொல்லவில்லை. அச்சில் மாறிவிடும் என்று நம்பிவிட்டாள்.

மாரியம்மாதான் பேசினாள். "அத்த வுடு யம்மா. இத்தினி பேரு படிச்சவங்க கீறீங்களே, ஒரு வரி எழுத வராதா?"

ஒத்திகை அறிக்கையில் 'ஒரு மீனவர் துண்டறிக்கையின் வழிகாட்டுதலைப் பின்பற்றவில்லை' என்று எழுதப்பட்டிருந்தது. அந்த வரியைப் பார்த்ததும் சாராள் ஜெரோம் அறைக்குள் தட்டாமலே நுழைந்தாள்.

"அவர் பின்பற்றினார் சார். நாம எழுதினதைப் பின்பற்றினார்."

ஜெரோம் அறிக்கைக் கோப்பைத் திறந்தார். அந்த வரியை நீக்கினார். ஆஸ்பத்திரிக்கு அவரே போய்ச் சடையனைப் பார்த்தார். ஐந்தாவது வாக்கியத்துக்குச் சாராள் எழுதிய மூன்றாவது வடிவத்தையே போட்டு மறு அச்சுக்கு அனுப்பினார். அந்த வாரம் சாராளுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

அடுத்த திங்கட்கிழமை தலைமையிலிருந்து மின்னஞ்சல் வந்தது. நடந்த சம்பவத்தைக் கருத்தில் கொண்டு வாக்கியங்கள் இன்னும் எளிமையாக இருக்க வேண்டும் என்று முடிவு செய்திருக்கிறார்கள். மென்பொருளின் எல்லை பன்னிரண்டிலிருந்து பத்தாகக் குறைக்கப்படுகிறது.

சாராள் அதை இரண்டு முறை படித்தாள். அந்த முடிவைச் சொன்ன வாக்கியத்தில் முப்பத்தொரு வார்த்தை இருந்தது.

"என்ன மேடம் செய்யறது, மேல சொல்லிட்டாங்க" என்றார் ஜெரோம்.

"உங்களுக்காவது புரிஞ்சுதா சார், எது தப்புன்னு?"

"புரிஞ்சுது. ஆனா நீங்க சொல்ற மத்த ரெண்டையும், நடுவுல கிடக்கிற சொல்லையும் அடுக்கையும், எண்ணிக் குடுக்க நம்மகிட்ட மென்பொருள் இல்லையே."

"பென்சில் இருக்கு சார்."

 வேலையை விட்டுவிடலாமா என்று சாராள் நினைத்தது உண்டு. விடவில்லை. இப்போதும் அங்கேதான் இருக்கிறாள். துண்டறிக்கை வந்தால் முதலில் பத்துக்குள் வெட்டுகிறாள், பச்சை வாங்குகிறாள். பிறகு அதைக் குப்பத்துக்கு எடுத்துப்போய் ஆறு பேரிடமாவது காட்டுகிறாள். தப்பாகச் சொன்னவர்களைச் சரியாகச் சொல்லும்வரை விடுவதில்லை. பயணப்படி கேட்டு எழுதிய இரண்டு கடிதங்களுக்கும் பதில் வரவில்லை. போன வாரம் டெங்கு துண்டறிக்கை வந்தது. ஒன்பது வார்த்தை வாக்கியம் ஒன்று, பச்சை. எழுவாய்க்கும் வினைக்கும் நடுவில் ஆறு சொல். தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு பேருந்து நிலையத்துக்கு நடந்தாள்.