இரண்டு சர்க்கரை

அந்தப் பானப்பொடி யூனிட்டில் அவளுக்கு வசனம் என்று பெயர். வைத்தது முதலாளியம்மா. வறுக்க ஒருத்தி, அரைக்க ஒருவர், டப்பாவில் அடைக்க மூன்று பேர் இருந்தார்கள், எழுதுவதற்கு இவள். டப்பா லேபிள், கடைகளுக்குப் போகும் நோட்டீஸ், வாடிக்கையாளர்கள் ஆயிரத்து இருநூறு பேருக்கு வாரம் இரண்டு தடவை போகும் வாட்ஸ்அப் செய்தி, எல்லாம் அவள் கைவண்ணம்தான். வறுக்கிற அறைக்கும் அடைக்கிற அறைக்கும் நடுவே ஒரு மேசை போட்டுக் கொடுத்திருந்தார்கள். மேசை மேலே எப்போதும் பொடி படிந்திருக்கும். கணினியைத் தட்டினால் தும்மல் வரும்.

எழுதுவதில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. பொய் சொல்வானேன், நிறையவே உண்டு.

விதைகளும் பருப்பும் பேரீச்சையும் சேர்த்து அரைத்த பொடி அது. பாலில் இரண்டு ஸ்பூன் போட்டுக் குடிக்கலாம். நல்ல சரக்குதான், குறை சொல்வதற்கில்லை. லேபிளைச் சரிபார்க்க வருகிற பெண் ஒருத்தி இருந்தாள். கண்ணாடி போட்டவள், சிரிக்கவே மாட்டாள். ஆய்வகத்தில் அளந்து வந்ததை மட்டும்தான் எழுதவிடுவாள். நூறு கிராமில் இவ்வளவு புரதம், இவ்வளவு நார்ச்சத்து, அதோடு சரி. "குணமாக்கும், குறைக்கும், கட்டுப்படுத்தும், இந்த மூணும் உங்க பேனாவுக்கு வேண்டாம்க்கா. இது சாப்பாடு, மருந்து இல்ல" என்பாள். "சர்க்கரை சேர்க்கப்படவில்லை" என்ற வரியை மட்டும் விட்டுவைத்தாள். அதற்குக் கீழேயே, பேரீச்சையில் இயற்கையாக உள்ள சர்க்கரை இத்தனை கிராம் என்று போடவும் வைத்தாள்.

லேபிளைத்தான் அவள் பார்ப்பாள். வாட்ஸ்அப்பை யார் பார்க்கிறார்கள்?

விற்பனை மந்தமாக இருந்த ஒரு மாதத்தில் வசனம் அந்த வரியைக் கொஞ்சம் மெருகேற்றினாள். "சர்க்கரையா? இனி கவலை வேண்டாம்." அவ்வளவுதான் எழுதினாள். நம் பேச்சில் இனிப்புக்குப் போடுவதும் சர்க்கரை, ரத்தத்தில் ஏறுகிற நோயும் சர்க்கரை. அது அவளுக்குத் தெரியாதா என்ன? தெரிந்துதான் எழுதினாள். யாராவது கேட்டால் இனிப்பைத்தானே சொன்னேன் என்று கையை விரித்துவிடலாம் என்று அப்போதே மனசுக்குள் பதிலும் தயார் செய்து வைத்திருந்தாள். அடுத்த வாரம் ஒரு வாடிக்கையாளர் அம்மா, "எங்க வீட்டுக்காரருக்கு சர்க்கரை இறங்கிடுச்சும்மா" என்று குரல் பதிவு அனுப்பினார். அதையும் ஆயிரத்து இருநூறு பேருக்கும் தட்டிவிட்டாள். நான் சொல்லவில்லையே, அந்த அம்மாதானே சொன்னார் என்று ஒரு சமாதானம்.

டப்பா பறந்தது. முதலாளியம்மா அவள் மேசைக்கு ஒரு புது மின்விசிறி வாங்கிப் போட்டார்.

மூன்று வாரம் கழித்து, ஒரு காலை வேளையில் டெய்லர் அண்ணன் வந்தார். அவள் தெருமுனையில் தையல் கடை வைத்திருப்பவர். அவள் மகளுக்கு ஒன்றாம் வகுப்பிலிருந்து பள்ளிச் சீருடை தைத்துக் கொடுக்கிறவர். நொண்டி நொண்டி வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"தங்கச்சி, இன்னும் ரெண்டு டப்பா குடும்மா. உன் புண்ணியத்துல மாத்திரைத் தொல்லை விட்டுச்சு."

"எந்த மாத்திரைண்ணா?"

"சர்க்கரை மாத்திரைதான். நீதானே கவலை வேண்டாம்னு போட்டிருந்தே. வேற யாராவது எழுதியிருந்தா நம்பியிருக்க மாட்டேன். நிறுத்தி இருபது நாளாச்சு. காலைல ஒரு டம்ளர், ராத்திரி ஒரு டம்ளர்."

"காலுக்கு என்னண்ணா?"

"மெஷின் பெடல்ல இடிச்சுக்கிட்டேன். சின்னப் புண்ணுதான். ஆற மாட்டேங்குது."

கட்டியிருந்த துணியின் ஓரம் ஈரமாக இருந்தது. தயார் செய்து வைத்திருந்த பதில் நினைவுக்கு வந்தது. இனிப்பைச் சொன்னேன் அண்ணா என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியுமா? வெட்கம் காதிலிருந்து கழுத்து வரை சுட்டது.

"அண்ணா, நான் எழுதினது தப்பு. இந்தப் பொடி அந்த நோய்க்கு ஒண்ணும் செய்யாது. பேரீச்சை போட்டிருக்கு, அதுலயே சர்க்கரை இருக்கு. நீங்க நோயைத்தான் சொல்றேன்னு நினைச்சுக்குவீங்கன்னு தெரிஞ்சேதான் எழுதினேன்."

"குரல் பதிவுல அந்தம்மா பேசினாங்களே?" என்றார் அவர்.

"அவங்க வீட்டுக்காரர் மாத்திரையும் சாப்பிட்டாரா, நடந்தாரா, நான் எதையும் கேக்கல. கேக்காமலே உங்களுக்கெல்லாம் அனுப்பிட்டேன். எழுந்திருங்க, இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போகலாம்."

முதலாளியம்மா அடைக்கிற அறை வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். அவளைத் தனியே இழுத்துப் போய், "அந்த ரெண்டு மெசேஜையும் சத்தமில்லாம அழிச்சிடு. அத்தோட விடு" என்றார்.

"படிச்சவங்க மனசுல இருந்து எப்படிம்மா அழிக்கிறது?"

"மறுப்பு போட்டா உணவுத்துறை அதிகாரி கண்ணுல படும். நோட்டீஸ் வரும். உன்னாலதான் வந்துச்சுன்னு நானே சொல்ல வேண்டி வரும், பாத்துக்கோ."

"சொல்லுங்கம்மா. என்னாலதான்."

மின்விசிறி போட்டுக் கொடுத்தவரை எதிர்த்துப் பேசுவது அவளுக்கு லேசாக இல்லை. ஆனாலும் ஆஸ்பத்திரிக்குப் போக ஆட்டோ வருவதற்குள், மெருகு எதுவும் இல்லாமல் தட்டினாள். "எங்கள் பொடி சர்க்கரை நோயைக் குறைக்காது. அப்படித் தோன்றும்படி நாங்கள் எழுதியதும், அனுப்பிய குரல் பதிவும் தவறு. மாத்திரையை நிறுத்தியவர்கள் இன்றே மருத்துவரைப் பாருங்கள். டப்பாவைத் திருப்பித் தரலாம்." அதே ஆயிரத்து இருநூறு பேருக்கும் போனது. அவள் வாழ்க்கையில் எழுதியதிலேயே அழகில்லாத நாலு வரி அது.

ஆட்டோவில் அண்ணன், பாப்பாவின் சீருடைப் பாவாடை அளவு கூடியிருக்கும், ஒரு நாள் கூட்டிக்கொண்டு வா என்று சாதாரணமாகப் பேசிக்கொண்டே வந்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது அவளுக்கு.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் விரலைக் குத்தி மெஷினில் பார்த்தார். நானூற்றைத் தாண்டியிருந்தது. கட்டைப் பிரித்துப் பார்த்தவர் முகத்தைச் சுளிக்கவில்லை. ஆனால் டாக்டரை உடனே வரச் சொன்னார். பிறகு தாளை எடுத்து வைத்துக்கொண்டார்.

"மாத்திரை எப்ப நிறுத்தினீங்க?"

"இருபது நாள் இருக்கும்மா."

"ஏன்? காரணம் எழுதணும்."

அண்ணன் வசனத்தை ஒரு தடவை பார்த்தார். உடனே பார்வையைத் திருப்பிக்கொண்டார்.

"வயசாச்சுல்ல. மறந்துட்டேன்னு போட்டுக்குங்க."

நர்ஸ் எழுத ஆரம்பித்தார். பெஞ்சில் நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். யாருக்கும் அவளைத் தெரியாது. அவள் பேசாமல் இருந்தால் அந்தத் தாளில் அப்படியே பதிந்துவிடும். என் மானத்தைக் காப்பாற்ற, புண்ணோடு உட்கார்ந்திருக்கிற மனுஷன் தன்னை மறதிக்காரன் ஆக்கிக்கொள்கிறார் என்று நினைத்ததும் அவளுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

"அவர் மறக்கல சிஸ்டர். ஒரு பொடி விளம்பரத்த நம்பி நிறுத்தினார். அத அடிச்சிட்டு இத எழுதுங்க."

நர்ஸ் நிமிர்ந்து பார்த்தார். "நீங்க யாரு, அவர் தங்கச்சியா?"

"இல்ல. அந்த விளம்பரத்த எழுதினவ."