ஆய்வு வரம்புக்கு வெளியே ஒரு கவுன்ட்டர்

ஒரு பள்ளிக்கூடம் தன்னைத்தானே ஆய்வு செய்துகொள்வதற்கு எப்படிக் காகிதம் தயாரிக்கும் என்று கூட உட்கார்ந்து பார்த்தவள் நான். அந்தக் காகிதத்தில் பாதி என் எழுத்து. இன்றைக்கும் ஒரகடம் சிக்னலில் எங்கள் கம்பெனி பஸ்ஸுக்குப் பக்கத்தில் அந்தப் பள்ளியின் மஞ்சள் பஸ் வந்து நின்றால் எனக்கு வயிறு எரியும். ஜன்னலோரம் உட்கார்ந்து எனக்குக் கையாட்டுவது என் மகள்தான். பதிலுக்கு நானும் கையாட்டுவேன்.

காருக்குள் போகும் வயர்களைக் கட்டுக் கட்டாகச் செய்து அனுப்பும் தொழிற்சாலை எங்களுடையது. நான் அங்கே தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் இன்ஜினியர். என் லைனில் செய்யாறு பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண் வேலை பார்த்தாள். கான்ட்ராக்ட் ஆள். புருஷன் எங்கேயோ போனவன் போனவன்தான். ஒரே ஒரு பெண் குழந்தை, ஒன்றாம் வகுப்பில் சேர்க்க வேண்டிய வயது. வல்லம் வடகாலில், அந்தப் பள்ளியின் சுற்றுச்சுவரை ஒட்டிய சந்தில் ஒற்றை அறை எடுத்துத் தங்கியிருந்தாள்.

அவளுக்கு அந்தப் பள்ளிதான் வேண்டும் என்பதற்குக் காரணம் இங்கிலீஷ் மோகம் இல்லை. அங்கே பள்ளி விட்ட பிறகும் பிள்ளைகளைச் சாயங்காலம் வரை வைத்துப் பார்த்துக்கொள்வார்கள். ஜெனரல் ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் இறங்கி நேராகப் போய்ப் பிள்ளையை அழைத்துக்கொள்ளலாம். அரசுப் பள்ளி நல்ல பள்ளிதான். ஆனால் அது கன்டெய்னர் லாரி ஓடுகிற ரோட்டுக்கு அந்தப் பக்கம், நாலு மணி வாக்கில் விட்டுவிடுவார்கள். அதற்கப்புறம் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள அவளுக்கு யாரும் இல்லை. இடம் கிடைத்தால் பிள்ளை அவளோடு இருக்கும். கிடைக்காவிட்டால் ஊரில் அவள் அம்மாவிடம் விட்டுவிட வேண்டியதுதான்.

ஏப்ரலில் ஒரு நாள் லீவு போட்டுவிட்டு மகளைத் தலைசீவிப் பொட்டு வைத்து அழைத்துக்கொண்டு போயிருக்கிறாள். மறுநாள் டீ பிரேக்கில் என்னிடம் வந்து நின்றாள்.

"கவுன்ட்டர்ல கீற அம்மா, எந்த கம்பெனின்னு கேட்டாங்க மேடம். சொன்னேன். பர்மனென்டா கான்ட்ராக்டான்னாங்க. கான்ட்ராக்டுன்னேன். ஃபார்ம் தீந்துபோச்சும்மான்னு சொல்லிட்டு பாப்பா கைல ஒரு சாக்லேட் குடுத்தாங்க. எனக்குப் பின்னாடி கம்பெனி டேகு மாட்டிகினு ஒர்த்தர் நின்னாரு. அவருக்கு மட்டும் ஃபார்ம் குடுத்தாங்க. எனக்குத் தீந்துபோனது அவருக்கு எப்டி மேடம் மொளச்சிச்சி?"

எனக்குச் சுருக்கென்றது. சில வருஷம் முன்னால் அதே கவுன்ட்டரில் அதே கேள்வியை என்னிடமும் கேட்டார்கள். பர்மனென்ட் என்று சொன்னேன், ஃபார்ம் வந்தது. அட்ரஸ் கேட்பதுபோல இதையும் கேட்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு வந்துவிட்டேன். பிள்ளையையோ பெற்றவர்களையோ வடிகட்டிச் சேர்க்கக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. ஆனால் சட்டம் பிடிக்க வேண்டுமானால் எங்காவது ஒரு எழுத்து வேண்டும். கவுன்ட்டரில் நடப்பது வெறும் வாய்ப்பேச்சு.

அவள் சொல்லச் சொல்ல நான் டைப் செய்து, அவளே கையெழுத்துப் போட்டு, மாவட்டக் கல்வி அலுவலகத்துக்குப் புகார் போனது. அங்கிருந்து பள்ளிக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. பள்ளியை நடத்தும் டிரஸ்ட், சேர்க்கை நடைமுறையை ஆராய ஒரு குழு அமைக்கிறோம் என்று பதில் எழுதியது. குழு என்றால் அது எதை ஆராயும், எதை ஆராயாது, யாரைக் கூப்பிடலாம், யாரிடம் அறிக்கை கொடுக்கும் என்று முதலில் எழுதி வைக்க வேண்டும். அதற்குப் பெயர் ஆய்வு வரம்பு. அதை எழுதித்தரச் சொல்லித் தாளாளர் என்னைக் கூப்பிட்டார். நான் பெற்றோர் சங்கச் செயலாளர், கம்பெனியில் இதே மாதிரி நடைமுறைகளை எழுதிப் பிழைப்பவள். குழுவிலும் நீங்கள் ஓர் உறுப்பினர் என்றார். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

தாளாளர் சத்தம் போட்டுப் பேசி யாரும் கேட்டதில்லை. அவர் ஏ.சி. அறையில் அவரும் பிரின்சிபாலும் நானும் உட்கார்ந்தோம். என் வரைவை நிதானமாகப் படித்தார். அதில் இரண்டு பிரிவுகள்தான் எனக்கு உயிர். ஒன்று, குழுவின் ஆய்வு பெற்றோர் முதன்முதலில் பள்ளிக்கு வந்து விசாரிக்கும் இடத்திலிருந்து தொடங்க வேண்டும். ஃபார்ம் கிடைக்காமல் திரும்பியவர்களை அறிவிப்புப் போட்டுக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும். இரண்டு, அறிக்கை வரும்வரை ஒன்றாம் வகுப்பில் புகார் கொடுத்தவரின் குழந்தைக்கு ஓர் இடத்தை நிறுத்திவைக்க வேண்டும்.

"மத்ததெல்லாம் பிரமாதம் மேடம்," என்றார் தாளாளர். தண்டலம் பக்கத்து காலேஜில் முதல்வராக இருந்து ஓய்வு பெற்றவரைத் தலைவராகப் போடலாம் என்றேன், சரி என்றார். எல்லாப் பதிவேடுகளையும் குழு கேட்டுப் பார்க்கலாம் என்றேன், தாராளமாக என்றார். அறிக்கையை நோட்டீஸ் போர்டில் ஒட்ட வேண்டும் என்றேன், வெப்சைட்டிலும் போடுவோம் என்றார். மனிதர் இவ்வளவு விட்டுக்கொடுக்கிறாரே என்று எனக்கே கூச்சமாக இருந்தது. பிஸ்கட்டைக்கூட என் பக்கம் நகர்த்தி வைத்தார்.

பிறகு முதல் விஷயத்துக்கு வந்தார். "விசாரிக்க ஆயிரம் பேர் வருவாங்க மேடம். காத்துல பேசினதை எப்படி ஆய்வு பண்றது? பூர்த்தி செஞ்ச விண்ணப்பம் நம்ம கைக்கு வந்ததிலேர்ந்து எடுத்துக்கலாம். அதுக்குத்தான் ரெக்கார்டு இருக்கு."

"சார், எங்க பிளான்ட்டுல ரிஜெக்ஷனே இல்லைன்னு காட்டணும்னா ஒரே வழிதான். கேட்டுலயே சரக்கு லாரியைத் திருப்பி அனுப்பிட்டு அதை எழுதாம விட்டுடணும். நீங்க சொல்றது அதுதான்."

பிரின்சிபால் பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். தாளாளர் சிரித்தார். "நல்லா சொன்னீங்க. டிரஸ்ட் மீட்டிங்ல வெச்சு முடிவு பண்ணிடுவோம். நீங்களே வந்து இதைச் சொல்லுங்க. இடம் நிறுத்தி வைக்கிறதையும் அங்கேயே பேசிடலாம்."

அன்றைக்குச் சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் அவளிடம், இரு, பிள்ளையை ஊருக்கு அனுப்பிவிடாதே என்று சொன்னேன். கம்பெனிக்கு வெளியே நான் அவளுக்கு அக்கா. "நீ சொன்னா சரிக்கா," என்றாள். அதுவரை பிள்ளையை அடுத்த அறைக்காரியிடம் கெஞ்சி விட்டுவிட்டு வேலைக்கு வந்துகொண்டிருந்தாள்.

டிரஸ்ட் கூட்டத்துக்கு முந்தின நாள் தாளாளர் போன் செய்தார். என் வரைவில் ஏழாவதாக ஒரு பிரிவு இருந்தது. தன் வேலையைத் தானே ஆடிட் செய்யக் கூடாது என்பது எங்கள் தொழிலில் அரிச்சுவடி. அதனால், புகாரோடு சம்பந்தப்பட்ட எவரும் குழுவிலோ வரம்பை முடிவு செய்யும் கூட்டத்திலோ இடம்பெறக் கூடாது என்று எழுதியிருந்தேன். பிரின்சிபாலையும் கவுன்ட்டரையும் தள்ளி நிறுத்தத்தான் அதை எழுதினேன்.

"மேடம், புகார் குடுத்தவங்க உங்க லைன்ல வேலை பாக்கறவங்களாமே. டைப் பண்ணதும் நீங்கதான்னு சொல்றாங்க. நான் தப்பா எடுத்துக்கல. ஆனா ஏழாவது பிரிவு நீங்களே எழுதினது. நாமளே அதை மீறினா நல்லாருக்குமா?"

"அப்போ பிரின்சிபால்?"

"அவர் உறுப்பினரே இல்லையே. குழுவுக்குச் செயலர்தான். ஃபைல் எடுத்துக் குடுப்பார், மினிட்ஸ் எழுதுவார். ஓட்டு கிடையாது."

எனக்குக் கோபம் வந்தால் வாயில் வார்த்தை வராது, அதுதான் என் சாபம். சரி சார் என்று சொல்லி போனை வைத்துவிட்டேன். அப்புறம் பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு, கேட்டிருக்க வேண்டியதையெல்லாம் சுவரைப் பார்த்துக் கேட்டேன். எந்த ஃபைலை எடுத்துக் கொடுப்பது என்று தீர்மானிக்கிறவனுக்கு ஓட்டு எதற்கு?

நான் இல்லாத கூட்டத்தில் வரம்பு முடிவானது. பூர்த்தி செய்த விண்ணப்பம் பெறப்பட்டதிலிருந்து ஆய்வு தொடங்கும். குழுவின் பரிந்துரைகள் அடுத்த கல்வியாண்டிலிருந்து பொருந்தும். இடம் நிறுத்திவைக்கிற பிரிவைத் தேடித் தேடிப் பார்த்தேன், அடித்த தடம்கூட இல்லை. ஏழாவது பிரிவு மட்டும் ஒரு வார்த்தை மாறாமல் இருந்தது. இந்த வரம்பை வைத்துக்கொண்டு ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது என்று கல்வி அலுவலகத்துக்குக் கடிதம் எழுதினேன். பள்ளியே குழு அமைத்திருப்பதால் அறிக்கை வரும்வரை காத்திருக்கவும் என்று பதில் வந்தது.

ஜூனில் பள்ளி திறந்தது. ஒன்றாம் வகுப்பு நிரம்பிவிட்டது. அடுத்த அறைக்காரிக்கு நைட் ஷிஃப்ட் போட்டார்கள், பகலில் அவளால் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள முடியவில்லை. செய்யாறுக்காரி பிள்ளையை ஊருக்குக் கொண்டுபோய் அம்மாவிடம் விட்டுவிட்டு, ஒரே நாளில் திரும்பி வந்து லைனில் நின்றாள். அன்று அவள் கட்டிய வயர் எதிலும் ஒரு குறையும் இல்லை. அவள் முகத்தைப் பார்க்கப் பயந்துகொண்டு நான் வயரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆடிப்பெருக்கு கழிந்து அறிக்கை வந்தது. சொன்னபடி நோட்டீஸ் போர்டில் ஒட்டினார்கள். குழுத் தலைவர் நேர்மையானவர், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. கொடுத்த ஃபைல்களை ஒழுங்காகப் பார்த்திருக்கிறார். பெறப்பட்ட விண்ணப்பங்களில் எதுவும் தகுந்த காரணமின்றி நிராகரிக்கப்படவில்லை என்று எழுதியிருந்தார். உண்மைதான். கடைசிப் பக்கத்தில் ஒரு பாராட்டும் இருந்தது. வரவேற்பு கவுன்ட்டரில் குழந்தைகளுக்கு இனிப்புக் கொடுத்து அன்போடு நடத்தும் வழக்கம் பிற பள்ளிகளும் பின்பற்றத் தக்கது.

கவுன்ட்டரை ஆய்வு செய்ய வரம்பு இல்லை, பாராட்ட மட்டும் இருந்திருக்கிறது. போர்டு முன்னால் நின்று வாய்விட்டே திட்டினேன். வாட்ச்மேன் திரும்பிப் பார்த்தார்.

அவளிடம் சொல்லாமல் இருந்துவிடலாம் என்றுதான் பார்த்தேன். பஸ் ஸ்டாப்பில் அவளே கேட்டாள்.

"கமிட்டி இன்னா சொல்லிச்சிக்கா?"

"விண்ணப்பம் குடுத்த யாரையும் காரணமில்லாம திருப்பி அனுப்பலைன்னு எழுதியிருக்காங்க."

"நாங்க போனது?"

"அது அதுல வரல."

"போனதாவே வரலியா?"

இல்லையென்று தலையாட்டினேன். கவுன்ட்டரைப் பற்றி எதுவுமே இல்லையா என்று கேட்டாள். பொய் சொல்ல நாக்கு வரவில்லை. பிள்ளைகளுக்குச் சாக்லேட் கொடுப்பதைப் பாராட்டியிருக்கிறார்கள் என்றேன்.



"ஊர்ல எல்லார் கிட்டயும் பாப்பா சொல்லிகினு கீதாம்க்கா, எனக்கு அந்த ஸ்கூல்ல சீட் கெடச்சிட்ச்சி, சாக்லேட்லாம் குடுத்தாங்கன்னு. எப்போ வந்து இட்டுகினு போவேன்னு போன்ல கேக்குது."