ஒன்பது கேள்விகளும் முன்னால் போனவளும்

பதினான்கு வருடமாக ஜெகதீஸ்வரி பிறர் எழுதிய கேள்விகளைச் சுமந்தாள். அருப்புக்கோட்டையிலிருந்து பஸ் போகும் எல்லா ஊர்களிலும் கட்டங்களில் டிக் அடித்தாள். எந்தக் கேள்வியில் ஆட்கள் முகம் திருப்புகிறார்கள், எதற்கு எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு "ஆமா" என்கிறார்கள் என்பது அவளுக்கு அப்படித்தான் தெரியவந்தது. யாரும் சொல்லித் தரவில்லை.

இந்த வருடம் சிறு கடைக்காரர்களைப் பற்றி ஓர் ஆய்வு வந்தது. கட்டங்கள் கிடையாது, உட்கார்ந்து பேச வேண்டும். பேச்சு எங்கே போனாலும் ஆய்வுக்குத் திரும்ப ஒரு கேள்வி வழிகாட்டி வேண்டும். மதுரையிலிருந்து ஆய்வை நடத்தும் பிரவீணா அதை எழுதும் வேலையை இவளிடமே கொடுத்தாள். மூன்று கடைகளில் முன்சோதனை. தேறினால் நாற்பது கடைக்கும் ஜெகதீஸ்வரி பொறுப்பு. தேறாவிட்டால் சென்னையிலிருந்து வேறு ஆள் எழுதுவார். இவள் பழையபடி டிக் அடிக்கப் போவாள்.

இரண்டு வாரம் எழுதினாள். "பெரிய கடை வந்ததால் உங்கள் வியாபாரம் குறைந்துவிட்டதா?" என்பதை முதல் நாளே அடித்து நீக்கினாள். பதிலை நாமே வாயில் ஊட்டுகிற கேள்வி அது. "ஏன்" என்று தொடங்கியவற்றையும் எடுத்தாள்; ஏன் என்று கேட்டால் போலீஸ்காரர் முன் நிற்பதுபோல ஆட்கள் நியாயம் சொல்லத் தொடங்குவார்கள். கடைசியில் ஒன்பது கேள்விகள் நின்றன. லேசானவை முன்னால், கடையை மூட நினைத்த நாளைப் பற்றியது எட்டாவது. ஒவ்வொன்றின் அடியிலும் தூண்டுசொற்கள்: "கொஞ்சம் விரிச்சுச் சொல்லுங்க." "அப்ப என்ன செஞ்சீங்க?" கடைக்காரர் சொன்ன கடைசிச் சொல்லைத் திருப்பிச் சொல்லி நிறுத்து. பேச்சு நின்றால் மனதுக்குள் ஐந்து எண்ணும்வரை வாய் திறக்காதே.

முதல் கேள்வியின் சொற்கள் திங்கட்கிழமை மாலைதான் முடிவாயின: "இந்தக் கடையை ஆரம்பிச்சதுலேர்ந்து இன்னிக்கு வரைக்கும் எப்படிப் போச்சு, சொல்லுங்க."

செவ்வாய்க்கிழமை பந்தல்குடி. தங்கபாண்டி தூத்துக்குடி சாலையில் லாரிக்காரர்களுக்கு டீயும் பன்னும் விற்கிறவர். அவள் கேட்டு முடித்ததும் சிரித்தார்.

"ஞாயித்துக்கெழமதான சொன்னேன். எத்தன தடவதான் ஒரே கதையச் சொல்ல?"

"ஞாயித்துக்கெழம நா வரலையே."

"நீங்கன்னு யார் சொன்னா? ஒரு அம்மா வந்தாக. ஆரம்பிச்சதுலேர்ந்து இன்னிக்கு வரைக்கும் எப்படிப் போச்சுன்னு இதே மாதிரிதான் கேட்டாக. அவுககிட்ட சொல்லியாச்சு. இப்ப ஏதோ போகுது, அம்புட்டுத்தான்."

மேற்கொண்டு ஒன்றும் தேறவில்லை. வேறு ஆய்வுக்காரர்கள் சுற்றுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள். கேள்வியிலும் குறை இருந்தது. அவ்வளவு அகலமாகக் கேட்டால் யாரும் "ஏதோ போகுது" என்றுதான் சொல்வார்கள். பஸ்ஸில் வரும்போதே மாற்றினாள்: "நேத்து கடை திறந்ததுலேர்ந்து பூட்டுற வரைக்கும் நடந்ததச் சொல்லுங்க."

புதன்கிழமை எம்.ரெட்டியபட்டி. முருகேஸ்வரி மளிகைக்கடைக்காரி. வாசலில் யாரும் இல்லாத மத்தியானம்.

"நேத்து மத்தியானமும் இதத்தான் கேட்டாக" என்றாள் முருகேஸ்வரி. "முந்தாநாள் கடை திறந்ததுலேர்ந்து சொல்லுன்னாக. இந்த வெயில்ல உங்களுக்கெல்லாம் வேற சோலி இல்லையா?"

நேற்று மத்தியானம் ஜெகதீஸ்வரி பந்தல்குடியில் இருந்தாள். அந்தக் கேள்வி அப்போது பிறக்கவே இல்லை.

என்னைப் போல இருந்தாளா என்ற கேள்வி நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. விழுங்கினாள். "அவுகளப் பத்திச் சொல்லுங்க."

"என்னத்தச் சொல்ல? நல்லாப் பேச விட்டாக."

"பேச விட்டாக..."

"ஆமா. சும்மா இருப்பாக. நானா எதையாவது சொல்லிருவேன். நீங்களுந்தான் சும்மா இருக்கீக. ஆனா ஒங்க மனசு வேற எங்கயோ கணக்குப் போட்டுக்கிட்டு இருக்கு."

அன்று மாலை பிரவீணாவைப் போனில் அழைத்தாள்.

"நாங்க வேற யாரையும் அனுப்பலையேக்கா. உங்க பேப்பர யாராவது பாத்தாங்களா?"

"என் பையிலதான் இருக்கு."

"அப்ப நேராக் கேட்டுருங்க. உங்கள மாதிரி இருந்தாங்களான்னு."

"அப்பிடிக் கேட்டா ஆமான்னுதான் சொல்லுவாக. நாயி வந்துச்சான்னு கேட்டாலும் ஆமான்னு சொல்லுவாக."

பிரவீணா சிரிக்கவில்லை. முன்பே பேட்டி கொடுத்த இரண்டு பேரும் சோதனைக்கு ஆகமாட்டார்கள் என்றாள். மூன்றாவது கடையாவது சரியாக அமைய வேண்டும், வெள்ளிக்கிழமை முடிவு.

வியாழக்கிழமை நரிக்குடி. எந்தக் கடை என்று முன்கூட்டி யாரிடமும் சொல்லவில்லை. பஸ் நின்ற இடத்திலிருந்து நடந்து, கண்ணில் பட்ட நான்காவது கடைக்குள் போனாள். ஆட்டுக்குக் கயிறும் மணியும் புண்ணாக்கும் விற்கும் சங்கையாவின் கடை.

"இதுக்கு முந்தி யாராச்சும் ஒங்ககிட்ட இப்பிடிப் பேசிருக்காகளா?"

"என்கிட்ட யாரு பேசப் போறா? ஆடுதான் பேசும்."

அவளுக்கு மூச்சு வந்தது. பேட்டி நன்றாக ஓடியது. மூன்றாவது கேள்வியிலிருந்து ஆறாவதுக்குத் தாவினார். அவள் தடுக்காமல் அவர் பின்னாலேயே போய், விட்டதைப் பிறகு எடுத்துக்கொண்டாள். எட்டாவதுக்கு வந்தார்கள். கடையை மூடிவிடலாம் என்று தோன்றிய நாளைப் பற்றிச் சொல்லச் சொன்னாள்.

"அப்பிடி ஒண்ணும் இல்ல. ஒரு தடவ மழையில்லாம ஆடெல்லாம் வித்துட்டாக. அப்ப தோணுச்சு."

அவர் நிறுத்தினார். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. அடுத்த கேள்விக்குக் காகிதத்தைப் பார்த்தாள்.

"நீங்க அஞ்சோட நிறுத்திட்டீக" என்றார் சங்கையா. அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் தோளுக்கு மேலே, வாசல் பக்கமாகப் பார்த்தார். "அவுக இன்னும் எண்ணுறாக."

ஜெகதீஸ்வரியின் முதுகில் வெயில் படுவது நின்றிருந்தது. யாரோ வாசலை மறைத்துக்கொண்டு நிற்பது போல. திரும்ப வேண்டும் என்று கழுத்து துடித்தது. திரும்பினால் அவர் பேச்சு அறுந்துவிடும். யார் என்று கேட்டாலும் அறுந்துவிடும். காகிதத்தைக் கவிழ்த்து மடியில் வைத்தாள். எண்ணாமல் உட்கார்ந்திருந்தாள்.

வெகுநேரம் கழித்து சங்கையா சொன்னார்: "ஆடு வித்தது பொய். எம் பொஞ்சாதி செத்த அன்னிக்கு, எடுத்துட்டுப் போன கையோட வந்து கடையத் தெறந்தேன். ஒரு ஆளு மணி வாங்க வந்தான். நல்லா இருக்கான்னு ஆட்டி ஆட்டிப் பாத்தான். நானும் ஆட்டிக் காமிச்சேன். அன்னிக்குத்தான் மூடிருக்கணும். இன்னிக்கு வரைக்கும் யார்கிட்டயும் சொன்னதில்ல."

அவள் கிளம்பும்போது வாசலில் வெயில்தான் இருந்தது.

அன்று மாலையே திருத்தினாள். ஐந்து என்பதை அடித்து, "அவர் பேசும்வரை" என்று எழுதினாள். முன்சோதனைக் குறிப்பில், வேறு ஒருவர் முன்பே இதே கேள்விகளைக் கேட்டதாக முதல் இருவரும் சொன்னார்கள் என்று எழுதினாள். மூன்றாவது பேட்டியின் தாளில் "உடனிருந்தவர்கள்" என்ற இடத்தில் கொஞ்ச நேரம் பேனா நின்றது. "ஒருவர்" என்று எழுதி அனுப்பினாள்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்குப் போன் வந்தது.

"அக்கா, வழிகாட்டி ரொம்ப நல்லா இருக்கு. அந்தக் கடைசிப் பேட்டிய ரெண்டு தடவ படிச்சேன். ஆனா இந்தக் குறிப்ப மட்டும் எடுத்துருங்க. மேல இருக்கவங்க பாத்தா சோதனையே செல்லாதுன்னுவாங்க. நீங்க தனியாத்தானே போனீங்க?"

ஆமா என்று ஒரு சொல் போதும். நாற்பது கடைகள் அந்தச் சொல்லுக்கு அப்பால் இருந்தன.

"அப்பிடிக் கேக்காதீக, பிரவீணா" என்றாள் ஜெகதீஸ்வரி. "அங்க யாரு யாரு இருந்தாகன்னு கேளுங்க."

மறுமுனையில் காகிதம் புரளும் சத்தம் கேட்டது.

"சரிக்கா. யாரு யாரு இருந்தாங்க?"

ஜெகதீஸ்வரி வாயைத் திறந்தாள். பிரவீணா அவசரப்படுத்தவில்லை. போனில் இரண்டு பேர் மூச்சு விடுவது கேட்டது. அவளுடையது அதில் சேரவில்லை.

பிறகு சொல்லத் தொடங்கினாள், பந்தல்குடியிலிருந்து. முடித்தபோது பிரவீணா எதையும் எடுக்கச் சொல்லவில்லை. குறிப்போடு அப்படியே மேலே அனுப்பினாள். திங்கட்கிழமை சென்னையிலிருந்து வேறு ஆள் வந்தார். ஜெகதீஸ்வரிக்குத் திருச்சுழிப் பக்கம் டிக் அடிக்கும் வேலை கிடைத்தது. வந்தவர் ஒன்பது கேள்விகளையும் ஒரு சொல்கூட மாற்றாமல் வைத்துக்கொண்டார். அவர் போன முதல் கடையில், இதையெல்லாம் முந்தாநாளே சொல்லியாச்சே என்றார்களாம்.