உலைக்குப் போகாமலிருக்க ஒரு தொழில்

என் வீட்டுக்காரர் கும்மிடிப்பூண்டியில் இரும்பு உருக்கும் கம்பெனி ஒன்றில் கான்ட்ராக்ட் ஆளாக இருந்தார். ஒருநாள் ஈரத்தோடு இருந்த பழைய இரும்பை உலையில் போட்டதில் அது வெடித்து, பக்கத்தில் நின்றவர் இவர் கண்ணெதிரே கருகிப்போனார். அதற்குப் பிறகு இவர் வேலைக்குப் போகவில்லை. அடுப்பில் சோறு தளதளவென்று கொதித்தாலே எழுந்து வெளியே போய்விடுவார்.

இவரைத் திரும்பக் கூப்பிட்டு கான்ட்ராக்டர் ஆள்மேல் ஆள் அனுப்பிக்கொண்டிருந்தான். எங்கள் கையில் இருந்தது என் கம்மலை விற்ற காசு மட்டும்தான். அதுவும் கரைந்தால் இவர் மறுபடி உலை முன்னால் போய் நிற்க வேண்டும். எனக்கு அந்த ஒரு பயம்தான். பயம் வந்தால் எனக்கு அழுகை வராது, கோபம்தான் வரும்.

முதலில் வாங்கி விற்றுப் பார்த்தேன். சென்னையில் மொத்தக் கடையில் நைட்டி எடுத்துவந்து, கம்பெனிக்குப் போகிற பெண்களிடம் தவணைக்குக் கொடுத்தேன். மூட்டை சீக்கிரமே காலியானது, எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஆனால் என் முதலும் லாபமும் அவர்கள் உடம்பில் நடமாடிக்கொண்டிருந்தன. அடுத்த மூட்டை எடுக்கக் கையில் காசில்லை.

"ரொக்கத்துக்கு மட்டும் குடேன்மே" என்றார் இவர்.

"ரொக்கம் வச்சிருக்கறவ கடைக்குப் போமாட்டாளா? என்னாண்ட இன்னாத்துக்கு வரா?" என்று கத்தினேன்.

வசூலானதை வைத்துச் சமையலில் இறங்கினேன். கலந்த சாதம் பொட்டலம் கட்டி, கம்பெனி கேட்டில் கூடையோடு உட்கார்ந்தேன். கைக்குக் கை காசு வந்தது. ஆனால் மின்வெட்டு ஆரம்பித்திருந்த வருடம் அது. கரண்ட் இல்லையென்று திடீரென ஷிப்டை நிறுத்திவிடுவார்கள். விற்காத நைட்டி மறுநாளும் நைட்டிதான். விற்காத தயிர்சாதத்தை என்ன செய்வது? தெருநாய்கள் கொழுத்தன, எங்கள் முதல் மெலிந்தது.

கேட்டில் சாப்பாடு வாங்குகிறவர்களில் ஒருவன் ஆந்திரா பக்கத்திலிருந்து வந்து ரூம் எடுத்துத் தங்கியிருந்தான். எப்போதும் சிரித்த முகம். அவன்தான் ஒருநாள் கேட்டான்.

"யக்கா, சோறுன்னா நாங்களேகூட ஆக்கிக்கலாம். இந்த யூனிபாரம்தான் பேஜாரு. எண்ணெய் போவவே மாட்டேங்குது. தோச்சுக் குடுப்பியா?"

மண்ணெண்ணெய் தடவி, சோடா உப்பு போட்ட வெந்நீரில் ஊறவைத்து அடித்தால் எண்ணெய்க் கறை விட்டுவிடும். சரக்கு அவர்களுடையது, என்னுடையது உப்பு, சோப்பு, இரண்டு கை. துணியைக் கொடுக்கும்போதே காசு. கம்பெனி ஒருநாள் ஓடாவிட்டால் எனக்கு அன்றைய வரும்படிதான் போகும், போட்ட முதல் போகாது. இடுப்பு விட்டுப்போனது, ஆனால் பக்கத்து ரூம்களும் வந்து சேர்ந்தன. பிழைத்துக்கொண்டோம் என்று நினைத்தேன்.

நான் யோசிக்காதது ஒன்று. எந்த உலையை விட்டு இவர் ஓடிவந்தாரோ அந்த உலை மூட்டை மூட்டையாக எங்கள் வீட்டுக்குள் வந்துகொண்டிருந்தது. கருகின இரும்பு வாசனை, பொறி பட்டுப் பொத்தலான சட்டைக் கைகள். கொடியில் காற்று அடித்தால் தலையில்லாத ஆட்கள் வரிசையாக அசைவார்கள். இவர் எல்லா வேலையும் செய்வார். தண்ணீர் சுமப்பார், சைக்கிளில் கொண்டுபோய்க் கொடுப்பார். அழுக்குத் துணியை மட்டும் தொடமாட்டார். "இதுக்கு அங்கயே போயிடலாம் போலகுது" என்று ஒருநாள் முனகினார்.

மழைக்காலத்தில் அந்தச் சிரித்த முகக்காரனும் போய்விட்டான். அதே கம்பெனி, அதே ஈரமான இரும்பு. ரூம்காரர்கள் வந்து அவனுடைய துவைத்த துணியைக் கேட்டார்கள், ஊருக்கு அனுப்ப. எடுத்துக் கொடுத்தேன்.

சில நாள் கழித்து அவன் இடத்துக்குப் புதிதாக வந்தவன் ஒரு அழுக்கு யூனிபாரத்தோடு வாசலில் நின்றான். ஆளுக்கு ஆள் துணி மாறிவிடாமலிருக்க காலருக்கு உள்ளே வேறுவேறு நிற நூலில் முடிச்சுப் போடுவது என் வழக்கம். புதியவனுக்கு நிறம் பார்க்கலாமென்று காலரைத் திருப்பினேன். அங்கே ஏற்கெனவே நான் போட்ட சிவப்பு முடிச்சு இருந்தது. செத்தவனின் இன்னொரு செட்டை இவனுக்குக் கொடுத்திருக்கிறார்கள்.

"அண்ணே, இன்னும் ஒரு ஆள் வேணும்னு கான்ட்ராக்டர் உங்களக் கேட்டுக்கினு இருந்தாரு" என்றான் அவன், என் வீட்டுக்காரரிடம்.

இவர் என் கையிலிருந்த சட்டையைப் பார்த்தார், முடிச்சைப் பார்த்தார். சட்டையை வாங்கிக் கொண்டுபோய் வாளியில் அமுக்கினார். முழங்கைவரை கையை விட்டு, தேய்த்தார், தேய்த்துக்கொண்டே இருந்தார்.

அந்த அழுக்கையே கையால் தொட்டுவிட்ட இவர் இனி உலைக்குப் போகமாட்டார் என்று அப்போது எனக்கு உறுதியானது. அத்தனை மாதம் தேடியும் கிடைக்காத நிம்மதி வந்தது. ஒரு தாய் பெற்ற பிள்ளை செத்து எனக்கு வந்த நிம்மதி. அன்றிரவு நன்றாகத் தூங்கினேன். அதை நினைத்தால்தான் இப்போது தூக்கம் வருவதில்லை.