பலராமன் வண்டிக்கு மாட்டிய பூட்டு

மரக்காணத்தில் உப்பு ஏற்றும் மினி லாரி பலராமனுடையது. நிறுத்தினால் சக்கரத்துக்கு ஒரு கருங்கல்லை முட்டுக் கொடுப்பார். ஹேண்ட்பிரேக் கேபிளை உப்புத் தண்ணீர் தின்றுவிட்டது. "மாத்தினாலும் தின்னும், தண்டச் செலவு" என்பார். கஞ்சத்தனம், வேறென்ன!

போன வாரம் திண்டிவனம் கடைவீதியில் நோ பார்க்கிங் போர்டுக்குக் கீழேயே நிறுத்தி, கல்லை வைத்துவிட்டு டீ குடிக்கப் போனார். திரும்பினால் முன்சக்கரத்தில் மஞ்சள் பூட்டு. அங்கே நின்ற ஒருவன், "ஆயிரம் குடுங்க, பேசி எடுத்துத் தர்றேன்" என்றான்.

"நீ யாருடா? யூனிஃபார்ம் எங்க?" என்று எகிறிய பலராமன், லாரிக் கண்ணாடியில் ஒட்டியிருந்த நோட்டீஸில் இருந்த டிராஃபிக் போலீஸ் நம்பருக்கு போன் அடித்தார்.

எஸ்.ஐ. வந்தார். "மொத தடவைன்னா ஐநூறு, மறுபடி மாட்டினா ஆயிரத்தி ஐநூறு. பூட்டை எடுக்கத் தனிக் காசு கிடையாதுங்க" என்று இ-சலான் போட்டார். பலராமன் போனிலேயே கட்டினார். பூட்டு கழன்றது.

லாரி மெல்லப் பின்னால் உருண்டது.

"சார், என் கல்லு எங்க?"

"ரோட்டுல கிடந்துச்சுன்னு தூக்கிப் போட்டேன்."

பலராமன் தாவி ஏறி பிரேக்கை மிதித்தார்.

"ஹேண்ட்பிரேக் இல்லியா?" என்றபடி எஸ்.ஐ. சலான் மெஷினை மறுபடியும் கையில் எடுத்தார்.