சரிபார்த்தவர் கட்டத்தில் நான் போட்ட டிக்

ராஜகீழ்ப்பாக்கத்தில் என் வீட்டு மாடியில் ஒரு சின்ன விளம்பர அலுவலகம் வாடகைக்கு இருக்கிறது. போனில் வரும் விளம்பரங்களைக் கடைக்காரர்களுக்குப் போட்டுக் கொடுப்பவர்கள். நடத்துகிற தம்பிக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். அவரிடம் வேலை பார்க்கும் அம்மாள் முன்பு பள்ளியில் கணக்கு டீச்சர். நான் முப்பது வருடம் மத்திய அரசு அலுவலகம் ஒன்றின் கண்காணிப்புப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். அடுத்தவர் கையெழுத்தைச் சந்தேகிப்பதற்காகவே எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள்.

படிக்கட்டில் செருப்பு குவிகிறது என்று புகார் சொல்லத்தான் முதலில் மேலே போனேன். அன்று அவர்கள் ஒரு பேக்கரி விளம்பரத்துக்கு முடிவு தேதி போட மறந்து, பண்டிகை முடிந்து ஒரு வாரம் ஆகியும் பண்டிகைக் கேக்கை விற்றுக்கொண்டிருந்தார்கள். எனக்கு அது போதுமானதாக இருந்தது. மறுநாள் ஒரு பட்டியல் எழுதிக் கொண்டுபோனேன். எந்த விளம்பரத்தையும் ஓட விடுவதற்கு முன்னால் பார்க்க வேண்டியவை: வரைபடத்தில் குத்தியிருப்பது சரியான ஊர்தானா, அங்கே வசிப்பவர்களுக்கா அல்லது கடந்துபோகிறவர்களுக்குமா, தொகை ஒரு நாளைக்கா மொத்தத்துக்கா, தொடங்கும் நேரம், முடியும் தேதி, படத்தில் இருக்கும் விலையும் கடைக்காரர் சொன்ன விலையும் ஒன்றா, எழுத்துப்பிழை. அழைப்புப் பொத்தான் இருந்தால், விளம்பரத்தின் முன்னோட்டத்தைப் போனில் திறந்து, அந்தப் பொத்தானையே அழுத்தி, எதிர்முனையில் உரியவர் எடுக்கிறாரா என்று பார்ப்பது. எல்லாவற்றுக்கும் மேலாக, தயாரித்தவர் ஒருவர், சரிபார்த்தவர் இன்னொருவர். இரண்டாமவர் டிக் போடாமல் வெளியிடக் கூடாது.

தம்பி முதலில் சிரித்தார். "சார், ராக்கெட்டா விடுறோம்?" என்றார். ஆனாலும் அதைப் எல்லோரும் திறந்து மாற்றக்கூடிய ஒரு கணினித் தாளில் ஏற்றி, இரண்டு கட்டங்கள் வைத்தார். சரிபார்க்கும் கட்டம் எனக்கு வந்தது. சம்பளம் கிடையாது. காப்பி உண்டு. நான் உள்ளே நுழைந்தால் எல்லோரும் திரையை நிமிர்ந்து பார்ப்பார்கள். அது சம்பளத்தைவிட ருசியாக இருந்தது.

கோவளம் பக்கத்துக் குப்பத்திலிருந்து ஒரு பெண் வந்தார். கணவர் கடலுக்குப் போகிறவர். இவர் மீனைக் கழுவி வெட்டி, சேலையூர், மாடம்பாக்கம் என்று வீடுகளுக்கு ஸ்கூட்டரில் கொண்டுபோய்க் கொடுக்கிறார். ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு விளம்பரம் வேண்டும், அதை நம்பி விடியற்காலையில் படகுக்காரர்களிடம் கூடுதலாக மீன் எடுக்கப்போகிறேன் என்றார். தன் நம்பரை ஒரு துண்டுத்தாளில் எழுதிக் கொடுத்தார். வீட்டுச் சமையலுக்காக நானும் அப்போதே அந்த நம்பரை அவர் வாயால் சொல்லச் சொல்லி என் போனில் ஏற்றிக்கொண்டேன்.

டீச்சரம்மா வெள்ளிக்கிழமை விளம்பரத்தைத் தயார் செய்தார். சனிக்கிழமை காலை நான் பட்டியலோடு உட்கார்ந்தேன். ஊர் சரி. தேதி சரி. வஞ்சிரம் விலை பற்றி அந்தப் பெண்ணிடமே போனில் கேட்டேன், அதுவும் சரி. அடுத்தது அழைப்புப் பொத்தான். இப்போதுதானே அவரோடு பேசினோம், நம்பர் வேலை செய்கிறதே என்று டிக் போட்டேன். நான் பேசியது என் போனில் சேமித்திருந்த நம்பரில். விளம்பரத்தில் இருந்த நம்பரை நான் தொடவே இல்லை. இதே காரியத்தைச் செய்த எத்தனை பேருக்கு நான் மெமோ கொடுத்திருக்கிறேன் என்பது எனக்குத் தெரியும்.

ஞாயிறு காலை ஆறு மணிக்கு விளம்பரம் ஓடத் தொடங்கியது. எட்டரைக்கு அந்தப் பெண் என்னைக் கூப்பிட்டார்.

"போனே அடிக்கல சார். இன்னா ஆச்சுன்னு கொஞ்சம் பாரேன். பாக்ஸு பாக்ஸா மீன் கீது."

நான் அவருக்குப் பாடம் எடுத்தேன். முதல் சில மணி நேரம் விளம்பரம் யார் வாங்குவார்கள் என்று தானே கற்றுக்கொள்ளும், பொறுமை வேண்டும் என்றேன். தகவல் உண்மைதான். அந்த நேரத்துக்கு அது தேவையில்லாத உண்மை. அவர் "சரி சார்" என்று வைத்துவிட்டார்.

பதினொரு மணிக்கு டீச்சரம்மா மாடம்பாக்கத்து வீட்டிலிருந்து அலுவலகத்துக்கு வேகமாக வந்தார். நானும் மேலே போனேன். விளம்பர அறிக்கைப்படி நிறையப் பேர் பொத்தானை அழுத்தியிருக்கிறார்கள், ஆனால் அந்தப் பெண்ணுக்கு ஓர் அழைப்பும் போகவில்லை என்றால் ஏதோ தப்பு என்று சொல்லி, என் எதிரிலேயே முன்னோட்டத்தைத் திறந்து அழுத்தினார். இந்த எண் உபயோகத்தில் இல்லை என்றது ஒரு குரல். துண்டுத்தாளில் கடைசி இலக்கமான ஒன்று, ஏழு மாதிரி இருந்திருக்கிறது. டீச்சரம்மா ஏழு என்று அடித்திருக்கிறார்.

உடனே நிறுத்தி, திருத்தி, மறுபடி அனுப்பினார். திருத்தினால், விளம்பரத்தைப் போனில் காட்டும் நிறுவனத்தின் பரிசீலனைக்கு அது மறுபடி போகும். அது அனுமதியாகி வருவதற்குள் ஞாயிற்றுக்கிழமை சமையல் எல்லா வீட்டிலும் முடிந்துவிட்டது. மீதி மீன் கருவாட்டுக்குப் போனது.

அவர் திருத்திக்கொண்டிருந்தபோது நான் கீழே வந்தேன். என் போனில் அந்தத் தாளைத் திறந்து, என் டிக்கை எடுத்தேன். நன்றாக யோசித்துத்தான் எடுத்தேன். பதற்றத்தில் செய்தேன் என்று எழுதினால் அது இன்னொரு திருத்தம்.

மதியம் தம்பி சர்ச்சிலிருந்து நேராக வந்தபோது நான் மறுபடி மேலே இருந்தேன். யார் சரிபார்த்தது என்று கேட்டார். "அங்கிள் பாத்தாங்களே" என்றார் டீச்சரம்மா. தம்பி தாளைத் திறந்தார். கட்டம் காலியாக இருந்தது.

"அக்கா, டிக் இல்லாமயே பப்ளிஷ் பண்ணிட்டீங்களா?"

டீச்சரம்மா என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியின் வேகத்தைக் குறைத்துக்கொண்டிருந்தேன். "இருந்த மாதிரி ஞாபகம்" என்று இழுத்தார். பிறகு, அவசரத்தில் கவனிக்காமல் விட்டிருப்பேன் என்று தானே ஒத்துக்கொண்டு, மீன்காரப் பெண்ணுக்குப் போன் போட்டு மன்னிப்பும் கேட்டார். அந்தப் பக்கத்துக் குரல் எனக்குக் கேட்டது. திட்டவில்லை. நம்பரை இன்னும் கொஞ்சம் தெளிவாக எழுதியிருக்க வேண்டும் என்று தன்னையே குறை சொல்லிக்கொண்டிருந்தார்.

திங்கள் காலை மாடியில் டீச்சரம்மா மட்டும் இருந்தார். என்னைக் கூப்பிட்டு, கணினியைத் திருப்பி வைத்தார். தாளின் மாற்ற வரலாறு. யார், எப்போது, எந்தக் கட்டத்தை மாற்றினார்கள் என்று வரிசையாக இருந்தது. என் பெயர் இரண்டு முறை இருந்தது.

"சார்கிட்ட இன்னும் காட்டல அங்கிள்" என்று தம்பியைச் சொன்னார். குரலில் கோபம் இல்லை. "ராத்திரி முழுக்க எனக்கு மறதி வந்துடுச்சோன்னு பயந்துட்டேன். அதான் பாத்தேன்."

நான் தரையைப் பார்த்தேன். மெமோ வாங்கியவர்கள் என் முன்னால் ஏன் தரையைப் பார்த்தார்கள் என்று அப்போதுதான் தெரிந்தது. அதுவரை அதைத் திமிர் என்று குறிப்பெழுதி வந்திருக்கிறேன்.

தம்பி வந்ததும் நானே சொன்னேன். அவர் "விடுங்க சார், இந்த வயசுல" என்று ஆரம்பித்து, முடிக்காமல் நிறுத்தினார். மன்னிக்க அவருக்கு என் வயதைத் தவிர வேறு எதுவும் கிடைக்கவில்லை. டீச்சரம்மாவிடம் அவர் மன்னிப்புக் கேட்டார். நானும் கேட்டேன்.

மீன்காரப் பெண்ணிடம் போனில் சொன்னேன். பார்க்காமலே பார்த்ததாக டிக் போட்டது நான், அதை மறைத்ததும் நான் என்றேன். அவர் கேட்டுக்கொண்டார்.

"வர்ற ஞாயித்துக்கெழமை மறுபடி போடுவியா சார்?"

போடுவோம், இந்த முறை எங்கள் செலவில் என்றேன்.

"அப்போ அந்த டீச்சரையே அமுக்கிப் பாக்கச் சொல்லு. நீ வேணாம்."

தம்பியிடம் அப்படியே சொன்னேன். இப்போது மீன்காரப் பெண்ணின் விளம்பரத்தை நான் தட்டச்சு செய்கிறேன், டீச்சரம்மா சரிபார்க்கிறார். சனிக்கிழமை அவர் என் மேஜைக்கு வந்து, முன்னோட்டத்தைத் தன் போனில் திறந்து, பொத்தானை அழுத்தினார். மணி அடித்தது. மறுமுனையில் அந்தப் பெண் எடுக்கும்வரை நான் டீச்சரம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை.