அட்டையை நீட்டிய இராசாத்தி

மாங்கேணி இராசாத்திக்குக் கடலென்றால் பயமில்லை. சுனாமி வீட்டை வாரிக்கொண்டு போன மறுவருடமே அதே கரையில் கருவாடு காயப்போட்டவள். அவளுக்குப் பயமெல்லாம் கேள்விக்குத்தான். "எப்படி இருக்கிறாய், வீட்டில் யார் யார், என்ன செய்தி" என்று ஒருவர் தொடங்கினால் போதும், வாய் பூட்டிக்கொள்ளும், கை அடையாள அட்டையைத் தேடும். இராணுவக் காவலரண்களில் பழகின கை. தம்பி திவாகரனைச் சுற்றிவளைப்பில் கொண்டுபோன அன்றும் அந்த விசாரிப்பு இப்படித்தான் சிரித்த முகத்தோடு தொடங்கியது.

சண்டை முடிந்த வருடம், இரண்டு பிள்ளைகளையும் தாயிடம் விட்டுவிட்டு குவைத்துக்குப் போனாள். கம்பனி ஒன்றின் மூலம் பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்றில் துப்புரவு வேலை. மூன்று மாதம் பார்ப்பார்கள். பிடித்தால் வைத்துக்கொள்வார்கள், பிடிக்காவிட்டால் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள்.

அங்கே ஆசிரியைகளை 'அப்லா' என்று கூப்பிடுவார்கள். துப்புரவுப் பெண்களுக்குப் பொறுப்பு அப்லா நூரா. முதல் நாள் காலை வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

"ஸபாஹல் ஹைர். ஷ்லோனிச்? ஷ்லோன் அஹ்லிச்? ஷக்பாரிச்?"

"என்னவாம்?" என்று இராசாத்தி பக்கத்தில் நின்ற ஸஹீதாவிடம் கேட்டாள். ஏறாவூர்க்காரி, அங்கே ஏழு வருடம் இருந்தவள்.

"எப்பிடி இருக்காய், வீட்டாக்கள் எப்பிடி, என்ன செய்தி எண்டு கேக்கிறா புள்ள."

இராசாத்திக்கு அது விசாரணையாகவே கேட்டது. கழுத்தில் தொங்கிய கம்பனி அட்டையைக் கழற்றி நீட்டினாள். அப்லா அதைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், சிரித்துவிட்டுப் போனார்.

மறுநாளும் அதே மூன்று கேள்விகள், அதே அட்டை. அதற்கடுத்த நாளும் அப்படியே. ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்பது எதற்கென்று இராசாத்திக்குத் தெரியும். பதில் மாறுகிறதா என்று பார்க்கத்தான். இவளைப் பற்றி யார் சொல்லிக் கொடுத்திருப்பார்கள்? ஸஹீதாவாக இருக்குமோ? அன்றிலிருந்து ஸஹீதா தந்த தேநீரைக்கூட வாங்கவில்லை. மூன்றாம் வாரம் அப்லாவின் முகத்தில் சிரிப்பு இல்லை.

ஒரு வியாழக்கிழமை ஸஹீதா அவளைத் தண்ணீர்த் தொட்டியடியில் மறித்தாள்.

"அப்லா ஒன்னை மாத்தச் சொல்லிக் கம்பனிக்குச் சொல்லப்போறாவாம். தலைக்கனம் புடிச்சவ, சலாத்துக்குப் பதில் இல்ல, கிட்டப் போனா பொலிசுக்குக் காட்டுற மாதிரி அட்டையைக் காட்டுறா எண்டு."

"தெரியும் அக்கா. என்னை விசாரிக்கிறா."

"விசாரணையா? நம்மட ஊர்ல 'சாப்பிட்டாச்சா' எண்டு கேக்கிறல்லியா? கேக்கிற எல்லாரும் ஒன்ர கறிச்சட்டிய தொறந்தா பாக்கிறாங்க?"

"என்ர தம்பிய அப்பிடிக் கேட்டவங்கள் ஏத்திக்கொண்டு போனவங்கள்."

ஸஹீதா, "அதுக்கு நான் என்ன சொல்ல, புள்ள" என்றாள். "ஆனா இவ ஒன்ர தம்பியக் கேக்கல்ல. காலைச் சலாத்துக்கு நீ 'ஸபாஹன் நூர்' எண்டு சொல்லு. 'ஸைனா' எண்டு சொல்லு, நல்லா இருக்கன் எண்டு. ஒடனே அவவத் திருப்பிக் கேளு. திருப்பிக் கேக்காட்டித்தான் மரியாத இல்ல."

"ஸைனாவோட அல்ஹம்துலில்லா எண்டு அல்லாவையும் சேத்து நீங்க எல்லாரும் சொல்றயள். நான் மாமாங்கப் பிள்ளையாரக் கும்பிடுறவள்."

"இஞ்ச வேதக்காரக் கிறிஸ்தவங்களும் சொல்றாங்க. ஒனக்கு மனமில்லாட்டி ஸைனாவோட நிப்பாட்டு."

இராசாத்தி அதையும் நம்பவில்லை. பிடிவாதக்காரி. அன்று வாசலைத் துடைக்கிற சாட்டில் அரைமணி நேரம் அங்கேயே நின்று பார்த்தாள். அப்லா நூரா காவலாளியிடம் குசலம் கேட்டார், கணக்கு ஆசிரியையிடம் கேட்டார், தேநீர் கொண்டுவந்த கிழவியிடம் கேட்டார். கணக்கு ஆசிரியை பதிலோடு பதிலாகக் கேள்வியையும் போட, இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கேட்டுக்கொண்டே ஒருவரையொருவர் கடந்து போனார்கள். ஒருவர் பதிலுக்கும் ஒருவர் நிற்கவில்லை. யாரும் எதையும் எழுதவில்லை. விசாரிக்கிறவன் பதிலைக் கேளாமல் போவானா?

வெள்ளி, சனி விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் மறுபடி திறந்த ஞாயிறு காலை அப்லா வந்தார். இந்த முறை அவர் எதுவும் கேட்கவில்லை. தலையைத் திருப்பிக்கொண்டு தாண்டினார். இராசாத்தியின் கை கழுத்து அட்டைக்குப் போனது. அதை இறுகப் பிடித்துக்கொண்டே சொன்னாள்:

"ஸபாஹல் ஹைர், அப்லா. ஷ்லோனிச்?"

அப்லா நின்றார். "ஸபாஹன் நூர். ஸைனா, அல்ஹம்துலில்லா. இன்தி ஷ்லோனிச்?"

"ஸைனா. ஷ்லோன் அஹ்லிச்?"

அவ்வளவுதான். அப்லா சிரித்தபடி உள்ளே போனார். கம்பனிக்கு எந்தச் சொல்லும் போகவில்லை.

இராசாத்தி அந்தப் பள்ளிக்கூடத்தில் ஆறு வருடம் இருந்தாள். ஒவ்வொரு காலையும் "ஷ்லோன் அஹ்லிச்" என்று அப்லா கேட்கும்போது "ஸைனீன்" என்பாள், எல்லாரும் நலம் என்று. திரும்பி வராத திவாகரனின் பெயரை அங்கே ஒருவரிடமும் சொன்னதில்லை. அப்லாவுக்குப் பதில் சொன்ன அந்த ஞாயிறு மத்தியானம் ஸஹீதாவின் தேநீரை வாங்கினாள். முதலில் ஸஹீதா ஒரு மிடறு குடிக்கிறாளா என்று பார்த்துவிட்டுத்தான்.